கீப் ஏன் ‘கீப்ட்’ ஆகவில்லை?

“ஐயா, பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கிறேன். பள்ளியில் தமிழ் மீடியம். இறந்தகாலத்துக்கு ஈ.டி. சேர்க்க வேண்டும் என்று ஒரு விதி சொல்கிறார்கள். புத்தகத்தின் கடைசியில் பார்த்தால் அந்த விதிக்கு அடங்காத வினைச்சொற்கள் மூன்று பத்தியாகப் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆங்கில இலக்கணத்தில் மட்டும் ஏன் இவ்வளவு விதிவிலக்கு? பல மொழிகளிலிருந்து கடன் வாங்கியதால் என்று எங்கள் சார் சொன்னார். அது சரியா? இன்னொன்று: கனவு கண்டேன் என்பதற்கு டிரீம்ட் என்பதா, ட்ரெம்ட் என்பதா?”

அன்புள்ள தம்பிக்கு,

முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கில இலக்கணம் நடத்தியவன் நான். அந்த மூன்று பத்திப் பட்டியலை எத்தனை முறை கரும்பலகையில் எழுதி அழித்திருப்பேன் என்று கணக்கில்லை. விதிவிலக்கு என்று சொல்லத்தக்கவை ஆங்கிலத்தில் பல இடங்களில் உண்டு. எழுத்துக்கூட்டலில் உண்டு, பன்மையில் உண்டு, முன்னிடைச்சொற்களில் உண்டு. நீங்கள் காட்டியது வினைச்சொல் பட்டியல் என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதில் மற்றவற்றுக்கான விடையும் பாதி வந்துவிடும்.

முதலில் உங்கள் சார் சொன்ன காரணம். எழுத்துக்கூட்டலுக்கும் சில பன்மைகளுக்கும் அது பொருந்தும். ‘கிரைட்டீரியன்’ பன்மையில் ‘கிரைட்டீரியா’ ஆவது கிரேக்கத்திலிருந்து சொல்லோடு கூடவே வந்த வழக்கம். ஆனால் வினைச்சொற்களில் நிலைமை நேர் எதிர். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சிலிருந்து நூற்றுக்கணக்கில் வினைகள் வந்தன. என்டர், ஃபினிஷ், கேரி, பனிஷ், ரிசீவ், அட்வைஸ் எல்லாம் அந்த வழியாக வந்தவை. ஒவ்வொன்றுக்கும் இறந்தகாலம் சொல்லிப் பாருங்கள். அடக்கமாக ஈ.டி. வாங்கிக்கொள்கின்றன. பட்டியலில் நிற்பவை எவை? ஈட், ட்ரிங்க், ஸ்லீப், ஸிட், ஸ்டாண்ட், கம், கோ, ஸீ, ஸே, நோ, திங்க். சாப்பிடுவது, குடிப்பது, தூங்குவது, வருவது, போவது. சமையலறையிலும் திண்ணையிலும் புழங்குகிற, வீட்டிலேயே பிறந்த சொற்கள். கடன் வாங்கிய சொல் ஒழுங்காக இருக்கிறது, சொந்தப் பிள்ளைதான் அடங்கவில்லை. டேக், கெட் போன்றவை வைக்கிங்குகளின் மொழியால் வந்தவை என்று யாராவது மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அது ஆங்கிலத்தின் பங்காளி மொழி, அங்கேயும் இதே பழக்கம்தான் இருந்தது. பிரெஞ்சிலிருந்து வந்தும் பட்டியலில் ஏறியவை கேட்ச், காஸ்ட், ஹர்ட் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உண்டு.

விலக்குதான் அதிகம் என்று தோன்றுவதற்கும் இதுதான் காரணம். முன்னொட்டு சேர்த்து எண்ணுவதை விட்டுவிட்டால், அதாவது ஸ்டாண்டையும் அண்டர்ஸ்டாண்டையும் ஒன்றாக எண்ணினால், அந்தப் பட்டியல் இருநூறைத் தாண்டாது. ஆங்கில அகராதியில் வினைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மீதி எல்லாம் விதிக்குள் அடக்கம். ஆனால் ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளை எடுத்தால், பத்துமே பட்டியலில் இருப்பவை. பக்கத்துக்குப் பக்கம் அவைதான் கண்ணில் படுகின்றன. அதனால் மொழி முழுக்க விலக்குதான் என்று தோன்றுகிறது. புதிதாக ஒரு வினை பிறந்தால் அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கூகுள், டவுன்லோட், ஈமெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் ஈ.டி.தான். யாரும் இலக்கணம் பார்த்து முடிவு செய்யவில்லை, தானாக ஒட்டிக்கொண்டது. விதி திறந்த கதவு, யார் வேண்டுமானாலும் வரலாம். பட்டியல் பழைய வீடு. புதிதாகக் குடிவருவோர் அங்கே அபூர்வம்.

பழைய வீடு என்றேன். அங்கே ஒரு அறைக்குள் போய்ப் பார்ப்போம். கீப் என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். கீப், கெப்ட். ஈ.டி. விதிப்படி ‘கீப்ட்’ என்று இருந்திருக்க வேண்டும். நெடில் எங்கே போனது?

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்த வினையின் வடிவம் ஏறக்குறைய ‘கேப்பன்’. இறந்தகாலம் ‘கேப்தெ’. இரண்டிலும் அதே ‘கே’, அதே நெடில். ‘தெ’ என்பது இறந்தகால விகுதி, இன்றைய ஈ.டி.யின் முன்னோர். இதில் எந்த விலக்கும் இல்லை. அந்தக் காலத்து மாணவனுக்கு இது வெறும் விதி.

பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, நெடில் உயிருக்குப் பின்னால் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்தால் அந்த நெடில் குறிலானது. ‘கேப்தெ’யில் ப், த் என்று இரண்டு மெய்கள் நெருக்கியதால் அது ‘கெப்தெ’ ஆயிற்று. ‘கேப்பன்’னில் அப்படி நெருக்கம் இல்லை, ஒரு மெய்தான் (தமிழ் எழுத்தில் ப-வை அழுத்திக் காட்ட நான் இரட்டித்திருக்கிறேன், அவ்வளவே), ஆகவே நெடில் தப்பித்தது. இப்படிக் குறுகியது நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 12ஆம் நூற்றாண்டில் ஆர்ம் என்று ஒரு கிறிஸ்தவத் துறவி இருந்தார். சர்ச்சில் வாசிப்பவர்கள் உச்சரிப்பைத் தப்பாகச் சொல்லக் கூடாது என்று அவருக்கு ஒரே கவலை. குறில் உயிரை அடுத்து வரும் மெய்யை விடாமல் இரட்டித்து எழுதினார். பார்க்க அலங்கோலமாக இருக்கும். ஆனால் அந்த மனிதரின் பிடிவாதத்தால்தான் அப்போது எந்தச் சொல்லில் குறில், எதில் நெடில் என்று இன்றைக்கு வரிவரியாகச் சொல்ல முடிகிறது.

இரண்டாவது மாற்றம் அதற்கு அப்புறம், சுமாராக 1400-இலிருந்து 1700 வரை மெதுவாக நடந்தது. ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. ‘ஏ’ என்று ஒலித்தது ‘ஈ’ ஆனது. ‘ஈ’ என்று ஒலித்தது ‘ஐ’ ஆனது. குறில்களை இந்த மாற்றம் தொடவில்லை. ‘கேப்’ இப்போது ‘கீப்’. ‘கெப்ட்’ ஏற்கனவே குறிலாகிவிட்டதால் அது இருந்த இடத்திலேயே இருந்தது. இடையில் சொல்லின் வாலில் இருந்த ‘அன்’, ‘எ’ போன்ற ஓசைகளும் உதிர்ந்துவிட்டன. விளைவு: கீப், கெப்ட். யாரும் விதியை மீறவில்லை. ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் மட்டும் ஊர் மாறிப் போனது போல, ஒலி மாற்றம் ஒன்றைத் தொட்டது, மற்றொன்றை விட்டுவிட்டது.

இது தெரிந்துவிட்டால் பட்டியலில் ஒரு பெரிய கூட்டம் தானாக விலகி நிற்கும். ஃபீல், ஃபெல்ட். மீட், மெட். ஃபீட், ஃபெட். ப்ளீட், ப்ளெட். லீட், லெட். எல்லாமே ஈகாரம் எகரமாகும் ஒரே குடும்பம். எழுத்து மாறாமல் உச்சரிப்பு மட்டும் மாறும் ‘ரீட், ரெட்’ உங்களை நிச்சயம் படுத்தியிருக்கும். அதுவும் இதே வீட்டுப் பிள்ளை, எழுத்துக்கூட்டலில் மட்டும் மாற்றத்தைக் காட்ட மறுத்துவிட்டது. ஸ்லீப், வீப், க்ரீப் மூன்றும் முதலில் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை, ஓசை ஒத்துப்போனதால் பிறகு வந்து இங்கே ஒட்டிக்கொண்டன.

தமிழ் மீடியம் என்று கொஞ்சம் தயங்கி எழுதியது போல் பட்டது. இந்த விஷயத்தில் தமிழ் தெரிந்தது உங்களுக்கு ஒரு வசதி. ‘காண்’ என்பதற்கு இறந்தகாலம் ‘காண்டான்’ இல்லை, ‘கண்டான்’. ‘வா’ என்பதற்கு ‘வந்தான்’. ‘தா’ என்பதற்கு ‘தந்தான்’. நெடில் குறிலாகிறது, பக்கத்தில் இரண்டு மெய்கள் நிற்கின்றன. கீப், கெப்ட் நடந்ததும் இதுவும் ஒரே காரணத்தால் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் வேறு வேறு குடும்ப மொழிகள், வரலாறும் வேறு. ஆனால் இப்படிப்பட்ட மாற்றம் உங்கள் வாயில் தினமும் நடக்கிறது, அதை நீங்கள் விதிவிலக்கு என்று உணர்ந்ததே இல்லை. தமிழில் இறந்தகால இடைநிலை த், ட், ற், இன் என்று நான்கு என்கிறது நன்னூல். எந்த வினைக்கு எது என்று யாராவது உங்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்களா? எனக்குத் தெரிந்த ஒரு வெளிநாட்டுக்காரர் தமிழ் படித்தார். செல் என்றால் சென்றான், வெல் என்றால் வென்றான், கொல் என்றால் கொன்றான், நில் என்றால் நின்றான் என்று நான்கையும் நன்றாகப் பிடித்துக்கொண்டார். மறுநாள் வந்து, “அவர் என்னிடம் சொன்றார்” என்றார். அவரைத் திருத்த வாயெடுத்தேன், காரணம் சொல்ல வரவில்லை. பழைய நூல்களில் ‘சொல்லினான்’ என்று முழுதாகவே வருவதையும், அது தேய்ந்து ‘சொன்னான்’ ஆனதாகக் கொள்வதையும் அப்புறம் நிதானமாக விளக்கினேன். அதற்குள் அவர் ‘கல்’ என்பதற்குக் ‘கன்றான்’ என்று எழுதி வைத்திருந்தார். ஆகவே ஆங்கிலத்தில் மட்டும்தான் என்ற சொல்லை உங்கள் கேள்வியிலிருந்து எடுத்துவிடலாம்.

பட்டியலின் இன்னொரு அறை: புட், கட், ஹிட், ஸெட், ஷட், லெட். மூன்று பத்தியிலும் ஒரே சொல். மாணவர்கள் இதைச் சலுகை என்று கொண்டாடுவார்கள். இந்தச் சொற்கள் எதில் முடிகின்றன என்று காதால் கேளுங்கள். எல்லாம் ட் ஓசையில்தான் முடிகின்றன. இறந்தகால விகுதியும் அதே இனத்து ஓசை. பழைய ஆங்கிலத்தில் ‘ஸெட்’ என்பதன் இறந்தகாலம் ‘ஸெட்டெ’. சொல்லின் ட்-டும் விகுதியும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கடைசி ‘எ’ உதிர்ந்ததும் மிஞ்சியது வெறும் ‘ஸெட்’. விகுதி இல்லாமல் போகவில்லை, உள்ளே கரைந்து கிடக்கிறது. அப்புறம் அதே அச்சில் மற்றவை வந்து சேர்ந்தன. ஆனால் இதை விதியாக எடுத்துக்கொண்டு ஏமாந்துவிடாதீர்கள். வான்ட், வெய்ட் இரண்டும் ட்-டில்தான் முடிகின்றன, ஆனாலும் வான்டட், வெய்டட் என்று ஒழுங்காக ஈ.டி. வாங்குகின்றன. பட்டியலில் உள்ளவை ஏன் அப்படி இருக்கின்றன என்று இந்த விளக்கம் சொல்லும். வெளியே உள்ள எது உள்ளே வரும் என்று சொல்லாது.

மூன்றாவது அறைதான் மிகப் பழையது. ஸிங், ஸேங், ஸங். ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க். ஸ்விம், பிகின், ரிங் என்று இந்த வரிசை நீளும். டிரைவ், ட்ரோவ், ட்ரிவன். ரைட், ரோட், ரிட்டன். ரைஸ், ரோஸ், ரிஸன் என்பது பக்கத்து வரிசை. சொல்லின் நடு உயிரை மாற்றிக் காலம் காட்டும் இந்த முறை ஆங்கிலம் பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே, அதன் மூதாதை மொழியில் இருந்தது. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு மூன்றுக்கும் பொதுவான சொத்து. பழைய ஆங்கிலத்தில் இது ஏழு வகையாகப் பிரிந்து ஒழுங்காக நடந்தது. ஈ.டி. வகைதான் அப்போது பின்னால் வந்தவன். பெயர்ச்சொல்லிலிருந்தும் மற்றச் சொற்களிலிருந்தும் புதிதாக உண்டாக்கிய வினைகளுக்காக ஜெர்மானிய மொழிகளில் முளைத்தது. ‘செய்தான்’ என்று பொருள்படும் டிட் என்ற வினையே தேய்ந்து விகுதியாக ஒட்டிக்கொண்டது என்பது பரவலான கருத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அறிஞர்களிடையே இன்னும் தகராறு தீரவில்லை, ஆகவே அதை நான் உறுதி என்று எழுத மாட்டேன். உயிர்மாற்றம் மூத்தது, ஈ.டி. இளையது என்பதில் தகராறு இல்லை. இளையவன் வீட்டைப் பிடித்துக்கொண்டு மூத்தவனை விதிவிலக்கு என்று கூப்பிடுகிறான்.

கோ, வென்ட் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கேள்வி அதுதான் வரும். ‘கோ’வுக்குப் பழைய ஆங்கிலத்தில் வேறொரு இறந்தகாலம் இருந்தது, அதுவும் ‘கோ’வோடு சம்பந்தமே இல்லாத வடிவம். அது ஏன் அப்படி என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விடை கிடையாது. ‘வென்ட்’ மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெளிவாகத் தெரியும். ‘வெண்ட்’ என்று ஒரு தனி வினை இருக்கிறது, திரும்புதல், வழியே போதல் என்று பொருள். ஸெண்ட் என்பதற்கு ஸென்ட், ஸ்பெண்ட் என்பதற்கு ஸ்பென்ட், அதே போல வெண்ட் என்பதற்கு வென்ட். மிக ஒழுங்கான பிறப்பு. 1500 வாக்கில் ‘கோ’ இதன் இறந்தகாலத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பறிகொடுத்த ‘வெண்ட்’ என்ன செய்தது தெரியுமா? இன்றைக்கும் அபூர்வமாக அது வழக்கில் உண்டு. அதன் இறந்தகாலம் ‘வெண்டட்’. போய் ஈ.டி. வாங்கிக்கொண்டது.

இவை எப்படி உண்டாயின என்பது வரை சொன்னேன். இதைவிட முக்கியம், ஏன் இவை இன்னும் அழியவில்லை என்பது. ஏனென்றால் நிறைய அழிந்திருக்கின்றன. ஹெல்ப் என்ற சொல் ஒரு காலத்தில் உயிர்மாற்ற வகையைச் சேர்ந்தது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் கூட ‘ஹெல்ப்ட்’ என்று நாம் எழுதும் இடத்தில் ‘ஹோல்பன்’ என்று இருக்கும். இன்றைக்கு அதை யாரும் சொல்வதில்லை. 2007-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டார்கள். இடைக்கால ஆங்கிலம் வரும்போது அவற்றில் 145 மட்டும் அப்படியே இருந்தன. இன்றைக்கு மிஞ்சியவை 98. மற்றவை எல்லாம் ஈ.டி. பக்கம் போய்விட்டன. எது போனது, எது நின்றது என்பதைப் புழக்கத்தின் அளவோடு ஒப்பிட்டார்கள். ஒரு வினை மற்றொன்றைவிட நூறு மடங்கு குறைவாகப் புழங்கினால், அது பத்து மடங்கு வேகமாக விதிக்குள் விழுகிறது என்று வந்தது. அடிக்கடி சொல்லப்படும் சொல் தாக்குப்பிடிக்கிறது. அபூர்வமாகச் சொல்லப்படுவது கரைகிறது.

காரணம் நினைவாற்றல்தான். ‘ஸேங்’ என்று சொல்ல அதை ஒருவர் முன்பே கேட்டு மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஈ.டி. சேர்க்க எதையும் கேட்டிருக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தை மூன்று வயதில் ‘கோட்’ என்று, அதாவது கோ-வோடு ஈ.டி. சேர்த்துச் சொல்லும். எந்தப் பெரியவரும் சொல்லிக் கேட்டிருக்காது. விதியைத் தானே பிடித்துக்கொண்டதால் வரும் தப்பு அது. ‘வென்ட்’டை ஒரு நாளைக்குப் பல தடவை காதில் வாங்கி வாங்கித் திருந்திவிடும். வருடத்துக்கு ஒரு முறை காதில் விழும் வினையாக இருந்தால் திருந்த வாய்ப்பே இல்லை. அந்தக் குழந்தை வளர்ந்து அந்த வடிவத்தோடேயே போய்ச் சேரும், அதன் பிள்ளைக்கும் அதுவே சரியான வடிவம். விதிவிலக்கு சாவது இப்படித்தான். 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க மொழியியலாளர் இல்லாத சொற்களை உண்டாக்கிக் குழந்தைகளிடம் இறந்தகாலம் கேட்டார். ‘க்ளிங்’ என்று, ஜி எழுத்தில் தொடங்கும் ஒரு வினை. உலகத்தில் இல்லாத வினை. பெரும்பாலான குழந்தைகள் ஈ.டி. சேர்த்து ‘க்ளிங்ட்’ என்றார்கள். அதையே பெரியவர்களிடம் கேட்டபோது பலர் ‘க்ளேங்’ என்றும் ‘க்ளங்’ என்றும் சொன்னார்கள். ஸிங், ரிங் குடும்பத்தின் சாயல் அவர்கள் காதில் ஏறியிருக்கிறது. மூத்தவன் முழுதாகச் செத்துவிடவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

அதனால்தான் ஹார்வர்டுக் கணக்கை நான் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்கிறேன். அது ஒரு திசையை மட்டும் எண்ணியது. எதிர்த்திசையிலும் நடமாட்டம் உண்டு. டிக் என்றால் தோண்டுதல். அதே 1611 பைபிளில் அதன் இறந்தகாலம் ‘டிக்ட்’, ஈ.டி. போட்ட ஒழுங்கான வடிவம். இன்றைக்கு நீங்கள் அப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்கள், ‘டக்’ என்றுதான் எழுத வேண்டும். ஹெல்ப் பட்டியலை விட்டு வெளியே வந்தது, டிக் வெளியிலிருந்து உள்ளே போனது. பிரெஞ்சுக்காரனான கேட்ச், ‘காட்’ ஆனதும் இதே மாதிரி ஒரு சாயலைப் பார்த்துத்தான். அமெரிக்காவில் ஸ்னீக் என்ற சொல்லுக்கு ‘ஸ்னீக்ட்’டுக்குப் பக்கத்தில் ‘ஸ்னக்’ வந்து நின்றதும் அப்படியே. இவை சிறுபான்மை. ஆனால் எல்லாம் ஒரு நாள் ஈ.டி.யில் முடிந்துவிடும், பட்டியல் காலியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஸே, கோ, ஸீ போன்றவை புழங்கும் வேகத்துக்கு அவற்றை அசைப்பது கடினம்.

உங்கள் புத்தகத்துப் பட்டியலில் எனக்கு ஒரு குறை உண்டு. அது அகரவரிசையில் இருக்கிறது. கீப்பும் நோவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கீப்பும் ஃபீலும் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். உறவுக்காரர்களைப் பிரித்து உட்கார வைத்துவிட்டு யாரும் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்வது போல. ஒரு நோட்டில் அதைப் பிரித்து எழுதிப் பாருங்கள். ஈகாரம் எகரமாகும் கூட்டம் ஒரு பக்கம். மூன்று பத்தியும் மாறாத ட் கூட்டம் ஒரு பக்கம். ஸிங் வரிசை, டிரைவ் வரிசை தனித்தனி. ஸெண்ட், ஸ்பெண்ட், லெண்ட், பெண்ட் ஒரு பக்கம். திங்க், பிரிங், பை, ஸீக், டீச், கேட்ச் என்று ‘ஆட்’ ஓசையில் முடியும் கூட்டம் ஒரு பக்கம். என் வகுப்பில் இப்படி எழுத வைத்தபோது எந்தப் பக்கத்திலும் சேராமல் தனியாக நின்றவை ஒரு கை எண்ணிக்கைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பி, கோ, டூ, ஹாவ், ஸே, மேக் மாதிரி. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், ஆனால் அவற்றை நீங்கள் ஏற்கனவே செய்துவிட்டீர்கள்.

இதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. குடும்பம் தெரிந்துவிட்டால் புதிய சொல்லை ஊகித்துவிடலாம் என்று நினைத்தால் கால் வாரிவிடும். ரிங்குக்கு ரேங், ஆனால் பிரிங்குக்கு பிராட். ஸிங்க்குக்கு ஸேங்க், ஆனால் திங்குக்கு தாட், கண் சிமிட்டும் ப்ளிங்குக்கு ப்ளிங்ட். மாணவர்கள் ‘பிரேங்’ என்று எழுதும்போது நான் மதிப்பெண் குறைப்பேன், ஆனால் மனசுக்குள் ஒரு சபாஷ் போடுவேன். சும்மா வாய்க்கு வந்ததை எழுதவில்லை, ஒரு வரிசையைப் பிடித்து எழுதியிருக்கிறான். ‘புட்டட்’ என்று எழுதுபவனைவிட இவன் ஒரு படி உள்ளே வந்துவிட்டான்.

கடைசியாக, டிரீம்ட்டா, ட்ரெம்ட்டா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரி. கீப், கெப்ட் கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். ட்ரெம்ட் என்பது அதே குறுகிய உயிர். டிரீம்ட் என்பது ஈ.டி. விதி பின்னால் வந்து நெடிலை மீட்டுக்கொண்ட வடிவம். லீப் (தாவுதல்), லீன் (சாய்தல்), நீல் (முழங்காலிடுதல்) மூன்றும் இதே போல இரண்டு வடிவத்தோடு நடுவாசலில் நிற்கின்றன. பிரிட்டனில் குறில் வடிவம் அதிகம் கேட்கும், அமெரிக்காவில் டிரீம்ட், லீப்ட், லீன்ட் என்ற நெடில் வடிவம்தான் மிகுதி, நீல் மட்டும் அங்கேயும் பெரும்பாலும் நெல்ட்தான். தேர்வில் உங்கள் பாடப்புத்தகம் எதைப் போட்டிருக்கிறதோ அதையே எழுதுங்கள், ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலக்காதீர்கள். என்னிடம் வந்த தாளாக இருந்தால் எது இருந்தாலும் முழு மதிப்பெண்.

அன்புடன்,
ஒரு ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்